வெல்வெட், கார்டுராய்: படிந்த முடியும் பளபளப்பும்

திருச்சி, கல்லூரி மாணவி: அண்ணா, அக்கா ரிசப்ஷனுக்குத் தைச்ச மெரூன் வெல்வெட் பிளவுஸ். கழுத்துலயும் கையிலயும் ஆரி வேலை இருக்கு. விசேஷம் முடிஞ்சதும் அப்படியே மடிச்சு பேக்ல வெச்சுட்டோம். ஒரு வாரம் கழிச்சு எடுத்தா முதுகுல குறுக்கே வெள்ளையா ஒரு கோடு. அக்குள் பக்கம் பளபளன்னு இருக்கு. இஸ்திரி போட்டா போயிடுமா?

ட்ரை வாஷ் கடைக்காரர்: இஸ்திரிப் பெட்டியை மட்டும் மேலே வைத்துவிடாதீர்கள். இப்போது இருப்பது பெரும்பாலும் சரியாகிற கோளாறு. பெட்டி பட்டால் சரியாகாத கோளாறாகிவிடும்.

வெல்வெட்டின் முடி நிமிர்ந்து நிற்கும்போது வெளிச்சம் அதற்குள் போய் அடங்கிவிடும், நிறம் ஆழமாகத் தெரியும். சாய்ந்துவிட்டால் முடியின் பக்கவாட்டில் பட்டுத் தெறிக்கும். உங்கள் வெள்ளைக் கோட்டில் சாயம் எதுவும் போயிருக்காது. முடியைச் சாய்த்து அந்த நிலையிலேயே நிறுத்திவிடுபவை ஈரம், சூடு, அழுத்தம் மூன்றும். வியர்வை ஈரத்தோடு மடித்து, மேலே மற்ற துணிகளின் பாரத்தையும் ஏற்றியிருக்கிறீர்கள். அழுத்தத்தை விலக்கிவிட்டு ஈரத்தையும் சூட்டையும் மறுபடி கொடுத்தால் முடி எழும். ஆவி பிடிப்பதில் நடப்பது அவ்வளவுதான்.

முதலில் முடி எந்த நூல் என்று பாருங்கள். உள்தையல் ஓரத்தில் நாலைந்து முடியைப் பிடுங்கி, இடுக்கியில் பிடித்து ஒரு பீங்கான் தட்டின் மேல் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலானால் விஸ்கோஸ் அல்லது பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர். மயிர் கருகும் வாசனை வந்தால் பட்டு. அப்படியென்றால் வீட்டில் எதுவும் செய்ய வேண்டாம், கடைக்குக் கொண்டுபோங்கள். விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும். அதனால் ஈரத்தில் தேய்ப்பதுதான் அதற்கு முதல் எதிரி.

அக்குளில் வியர்வைக் கறையின் ஓரம் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் ட்ரை வாஷ் முதலில், ஆவி பிறகு. சூடு பட்டால் கறை இறுகிவிடும்.

இனி வேலைக்கு வருவோம். தோள் அகலமான ஹேங்கரில் பிளவுஸை மாட்டி, உள்ளே ஒரு டவலைச் சுருட்டி உடம்பு மாதிரி நிரப்புங்கள். கையில் பிடிக்கிற ஸ்டீமர் இருந்தால் முதல் சில நொடி ஆவியை வேறு துணியில் விடுங்கள். ஆரம்பத்தில் அது தண்ணீர் துப்பும், அந்தச் சொட்டு விஸ்கோஸில் வட்டமாகக் கறை போடும். லைனிங் இல்லாத துணிக்கு உட்பக்கமிருந்து ஆவி கொடுப்பதுதான் முறை. உங்கள் பிளவுஸில் பருத்தி லைனிங் இருக்கும், ஆவி அதைத் தாண்டி ஒழுங்காக வராது. எனவே வெளிப்பக்கமாகவே, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்துங்கள். துணி லேசாகப் பதமாக வேண்டும், நனையக் கூடாது. பிறகு கையால் தொடாமல் ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, மிக மெல்லிய முடியுள்ள பிரஷால் முதலில் எதிர்த்திசையில் ஒரு தடவை, பிறகு முடி படியும் திசையில் ஒரு தடவை, பாரமே கொடுக்காமல் வருடுங்கள். மின்விசிறிக்குக் கீழே இரண்டு மூன்று மணி நேரம் தொங்கட்டும். முழுக்கக் காயாமல் எடுத்து மடித்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

முதல் சுற்றில் கோடு பாதிதான் மறையும். மறுநாள் இன்னொரு சுற்று கொடுங்கள். மூன்றாவது சுற்றிலும் அசையவில்லை என்றால் அதற்குமேல் வீட்டில் முயல வேண்டாம்.

அதே மாணவி: ஆரி வேலை மேல ஆவி பட்டா பரவாயில்லையா அண்ணா?

ட்ரை வாஷ் கடைக்காரர்: ஊசியால் தைத்த மணிக்குப் பயமில்லை. குந்தன் கல்லைப் பெரும்பாலும் பசையில் ஒட்டித்தான் சுற்றிலும் நூல் கட்டுகிறார்கள். அந்தப் பசை ஆவியில் இளகும். வேலை இருக்கிற இடத்தை உலர்ந்த காட்டன் துணியால் மூடிவிட்டு மற்ற இடத்துக்குக் கொடுங்கள்.

சேலம், வங்கி ஊழியர்: என் கேஸ்ல இஸ்திரிப் பெட்டியே பட்டுடுச்சு சார். தெருவுல இஸ்திரி போடறவர்கிட்ட பொண்ணோட வெல்வெட் கவுனைக் குடுத்துட்டாங்க வீட்ல. முன்பக்கம் முக்கோணமா மின்னுது. ரெண்டு தடவை ஆவி காட்டியாச்சு, ஒண்ணும் ஆகல.

ட்ரை வாஷ் கடைக்காரர்: குழந்தைகளின் ரெடிமேட் கவுன் என்றால் அநேகமாகப் பாலியஸ்டர்தான். பாலியஸ்டர் 80 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளக ஆரம்பித்துவிடும். உருகுவது 250-ஐத் தாண்டி. பருத்திக்கு வைக்கிற பெட்டிச் சூடு 200-ஐ ஒட்டி இருக்கும். உங்கள் கவுனில் முடி உருகாமலே படுத்து, அந்தச் சூட்டில் இறுகியிருக்கலாம். 200-ல் இறுகியதை 100 டிகிரி ஆவியால் எழுப்ப முடியாது. அதனால்தான் அசையவில்லை.

நகத்தால் எதிர்த்திசையில் லேசாகக் கீறிப் பாருங்கள். முடி தனித்தனியாகப் பிரிந்தால் கொஞ்சமாவது தேறும். பிளாஸ்டிக் தகடு மாதிரி சொரசொரவென்று தட்டுப்பட்டால் நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. அந்த இடத்தை லேஸ் வைத்து மறைப்பதுதான் வழி. இஸ்திரிக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவரிடம் எல்லாத் துணிக்கும் ஒரே பெட்டிதான்.

டொரன்டோ, யாழ்ப்பாணத்துத் தாய்: தம்பி, என்ர மகன்ர கார்டுராய் காற்சட்டை ரெண்டு. முழங்காலும் பின்பக்கமும் மினுங்குது. மெஷின்ல போட்டு, ட்ரையர்லயும் நல்லாக் காய விட்டுத்தான் எடுக்கிறனான். பிறகும் ஏன் இப்பிடி?

ட்ரை வாஷ் கடைக்காரர்: அக்கா, ட்ரையரில் "நல்லாக் காய விட்டு" என்கிறீர்களே, சிக்கல் பாதி அங்கேதான். கார்டுராய் பெரும்பாலும் பருத்தி, அதற்கு ஈரம் பயமில்லை. ஆனால் ட்ரையரில் ஈரமே இல்லாமல் காயும்வரை சுற்றினால் முடி சுருண்டு படிந்தபடியே காய்ந்துவிடும்.

அடுத்த முறை உட்பக்கத்தை வெளியே திருப்பி, ஜிப்பையும் பொத்தானையும் பூட்டி, குளிர்ந்த தண்ணீரில், மெதுவான சுற்றில் போடுங்கள். டவலோடு சேர்க்க வேண்டாம், பஞ்செல்லாம் வரிகளுக்கு நடுவே போய் உட்காரும். மெஷினில் பாதியளவு இடம் காலியாக இருக்கட்டும். ட்ரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, துணி பதமாக இருக்கும்போதே வெளியே எடுத்து, வரிகளின் நீளவாட்டில் துணி பிரஷால் வாருங்கள். பிறகு இடுப்புப் பட்டியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். இஸ்திரி வேண்டுமென்றால் உட்பக்கம் மட்டும், மேசையில் தடித்த டவல் விரித்து அதன் மேல்.

இவ்வளவு செய்தும் முழங்கால் மினுங்கினால், அந்த இடத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வரிகள் மேடாக இருந்தால் முடி சாய்ந்திருக்கிறது, இன்னும் மீளும். வரி மட்டமாகி அடித்துணியின் நெசவு தெரிந்தால் முடி உதிர்ந்தே போய்விட்டது. கார்டுராயில் முடியைப் பிடித்துவைத்திருப்பது அடித்துணியின் நெசவுதான். உராய்வில் அந்தப் பிடி விட்டதும் கழன்றுவிடும். மெல்லிய வரித் துணியில் இது சீக்கிரம் வரும், அகல வரித் துணி கொஞ்சம் தாங்கும்.

மதுரை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: இவ்வளவு சுற்றிவளைப்பு எதற்கு? வினிகர் கலந்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் எந்தப் பளபளப்பும் போய்விடும். என் கோட்டுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன்.

ட்ரை வாஷ் கடைக்காரர்: ஐயா, உங்கள் கோட்டுக்கு அது சரிதான். தேய்ந்து எண்ணெய்ப்பசை ஏறிய இடத்திலும், சோப்பு மிச்சம் தங்கிய இடத்திலும் வினிகர் வேலை செய்யும். பருத்தி கார்டுராயின் பின்பக்கத்துக்கு நானே சொல்வேன்: வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு, பிழிந்த துணியால் ஒத்தி எடுத்து, பிறகு வெறும் தண்ணீரால் ஒரு ஒத்தல். ஆனால் "எந்தப் பளபளப்பும்" என்பதில்தான் ஒத்துப்போக முடியவில்லை. சாய்ந்த முடியை வினிகர் நிமிர்த்தாது. விஸ்கோஸ் வெல்வெட்டில் ஈரத்துணியால் துடைத்தால் இருக்கிற முடியும் படுத்துவிடும்.

ஈரோடு, தையல்காரர்: நானும் இதையேதான் கேக்கறனுங்க. பச்சை வெல்வெட்ல பிளவுஸ் தைச்சுக் குடுத்தேன். ஒரு கை மட்டும் வெளுத்து மினுக்குதுன்னு திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. இஸ்திரியே போடலைங்க. ஆவி காட்டட்டுங்களா?

ட்ரை வாஷ் கடைக்காரர்: ஒரு கை முழுக்க ஒரே சீராக வெளுத்திருந்தால் அது வெட்டிய விதம். அந்தக் கையின் மேல் உள்ளங்கையை மேலிருந்து கீழே ஓட்டுங்கள், மற்றக் கையிலும் அதே மாதிரி. ஒன்று வழவழப்பாகவும் இன்னொன்று தடுக்கவும் செய்தால் துண்டு தலைகீழாக வெட்டப்பட்டிருக்கிறது. முடி மேல்நோக்கி இருந்தால் நிறம் அழுத்தமாகவும், கீழ்நோக்கி இருந்தால் வெளிறி மினுமினுப்பாகவும் தெரியும். ஆவியால் திசையை மாற்ற முடியாது, கை ஒன்றை மறுபடி வெட்டித்தான் ஆக வேண்டும். துணி மிச்சம் இருக்கிறதா?

ஈரோடு, தையல்காரர்: கால் மீட்டர் கெடக்குதுங்க. பத்துமான்னு தெரியல.

சென்னை, குடும்பத்தலைவி: பீரோவுல தொங்கவிட இடமே இல்ல. வெல்வெட் பார்டர் வெச்ச லெஹங்காவை எப்படி வெக்கறது? மடிச்சாத்தானே கோடு விழுது?

ட்ரை வாஷ் கடைக்காரர்: பிளவுஸ் என்றால் ஹேங்கரில் தொங்கவிடச் சொல்வேன். லெஹங்காவைச் சுருட்டி வைக்கலாம். துணிக்கடையில் கேட்டால் பெரிய அட்டைக் குழாய் தருவார்கள். அதன் மேல் வெளுத்த காட்டன் துணியைச் சுற்றிவிட்டு, முடி வெளிப்பக்கம் வருகிற மாதிரி, முடி படியும் திசையிலேயே தளர்வாகச் சுருட்டுங்கள். முடியை உள்ளே வைத்துச் சுருட்டினால் நசுங்கும். பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள். சென்னைக் காற்றின் ஈரம் அதற்குள் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். அதன் மேல் வேறு எதையும் அடுக்கவும் வேண்டாம்.

திருநெல்வேலி, ஆரி வேலை சொல்லித்தருபவர்: பிளவுஸைத் தொங்கவிடச் சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன் சார். கனமான வேலைன்னா ஹேங்கர்ல நாலு மாசம் தொங்குனாப் போதும், தோள்பட்டை இறங்கிரும். நாங்க நடுவுல டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வெச்சு மடிச்சுத்தான் கொடுக்கோம்.

ட்ரை வாஷ் கடைக்காரர்: நீங்கள் சொல்வதும் நடப்பதுதான். தோளில் பஞ்சு வைத்த ஹேங்கர் கொஞ்சம் தாங்கும், எவ்வளவு நாளைக்கு என்பது வேலையின் கனத்தைப் பொறுத்தது. உங்கள் மாதிரி மடித்தால், மடிப்புக்குள் பேப்பர் உருளை இருந்தாலும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பிரித்து வேறு இடத்தில் மடிக்க வேண்டும். அதை எத்தனை வீட்டில் செய்கிறார்கள்?

திருநெல்வேலி, ஆரி வேலை சொல்லித்தருபவர்: எங்க வீட்ல செய்வோம். வாங்கிட்டுப் போறவங்களைப் பத்தி நான் எப்படிச் சொல்ல?