பணம் வந்த பிறகே உரிமை கைமாற வேண்டும்

கேள்வி: நான் கோவையில் கிராஃபிக் டிசைனர். வேலையை விட்டுவிட்டு இப்போதுதான் தனியாகத் தொழில் தொடங்கியிருக்கிறேன். பெங்களூரில் உள்ள ஒரு மசாலா நிறுவனம் லோகோவுக்கும் நான்கு பாக்கெட் லேபிள்களுக்கும் 90,000 ரூபாய் பேசியிருக்கிறது. ஒன்பது பக்க ஒப்பந்தம் அனுப்பி, "ஸ்டாண்டர்ட் ஃபார்மட்தான், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்" என்கிறார்கள். இறுதி ஒப்புதலுக்குப் பின் இன்வாய்ஸ், அதிலிருந்து 60 நாளில் பணம். உருவாக்கிய கணத்திலிருந்தே எல்லா வேலையும் அவர்களுக்குச் சொந்தம். எப்போது வேண்டுமானாலும் அவர்கள் ரத்து செய்யலாம், ஒப்புதல் பெற்ற வேலைக்கு மட்டும் பணம் என்று இருக்கிறது. முதல் கிளையன்ட் என்பதால் கேள்வி கேட்கத் தயக்கமாக இருக்கிறது. எதை மாற்றச் சொல்லலாம்?

பதில்: நீங்கள் குறிப்பிட்ட மூன்று பிரிவுகளையும் தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் சாதாரணமாகத்தான் தெரியும். சேர்த்துப் படியுங்கள். உங்களுக்குப் பணம் வருவதும், ரத்தானால் எவ்வளவு கிடைக்கும் என்பதும் "ஒப்புதல்" என்ற ஒரே நிகழ்வைப் பொறுத்திருக்கின்றன. அந்த ஒப்புதலைத் தருவதும் தராமல் இழுப்பதும் முழுக்க அவர்கள் கையில். ஆனால், உங்கள் வேலை அவர்களுக்குச் சொந்தமாவதற்கு மட்டும் எந்த ஒப்புதலும் தேவையில்லை, பணமும் தேவையில்லை. இந்த ஒப்பந்தத்தின் கோளாறு இதுதான்.

எனவே, முதலில் சொல் விளக்கப் பகுதிக்குப் போய் 'ஒப்புதல்' என்பதற்கு என்ன பொருள் தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். யார் தர வேண்டும், மின்னஞ்சல் போதுமா, எத்தனை நாளுக்குள் என்பது பெரும்பாலும் இருக்காது. இப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: "ஒப்படைத்த 7 நாட்களுக்குள் எழுத்தில் திருத்தம் கேட்காவிட்டால் ஒப்புதல் தந்ததாகக் கொள்ளப்படும்." எத்தனை சுற்று திருத்தம் என்பதையும் அங்கேயே எழுத வேண்டும். லோகோவுக்கு மூன்று சுற்று, லேபிளுக்கு இரண்டு சுற்று என்பது நியாயமான அளவு. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனிக் கட்டணம். எண்ணிக்கை இல்லாத இடத்தில் ஒப்புதல் என்பது வந்தே சேராது.

இனி பணத் தேதி. ஜூன் 10-ல் வேலை தொடங்கி ஜூலை 10-ல் ஒப்படைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் ஒப்புதல் தருவது ஆகஸ்ட் 5. அன்றே இன்வாய்ஸ் அனுப்பினாலும் 60 நாள் கெடு அக்டோபர் 4-ல்தான் முடிகிறது. தொடங்கியதிலிருந்து கிட்டத்தட்ட நான்கு மாதம் கைக்காசைப் போட்டு ஓட்ட வேண்டும். இதில் 60 என்ற எண்ணைவிட மோசமானது அது எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பது. ஒப்புதலிலிருந்து எண்ணினால் கெடு எவ்வளவு குறைவாக இருந்தாலும் பயனில்லை. ஒப்படைத்த நாளிலிருந்து அல்லது இன்வாய்ஸ் தேதியிலிருந்து எண்ண வேண்டும். இறுதி ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் இன்வாய்ஸ் அனுப்பும் உரிமையும் வேண்டும்.

இந்த விஷயத்தில் சட்டம் உங்களுக்குத் துணையாக இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, குறு அல்லது சிறு நிறுவனமாக உள்ளவருக்குத் தர வேண்டிய பணத்துக்கு ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அந்த 45 நாள் தொடங்கும். ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் சொல்லாவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். மேலே சொன்ன கணக்கில், ஜூலை 10-ல் ஒப்படைத்து ஆட்சேபம் எதுவும் வராவிட்டால் ஆகஸ்ட் 24-க்குள் பணம் வர வேண்டும். தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டியாகக் கேட்கலாம்.

இந்தப் பாதுகாப்புக்கு, குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவான உத்யம் பதிவு வேண்டும். தனி ஆளாகத் தொழில் செய்பவரும் udyamregistration.gov.in தளத்தில் ஆதார், பான் எண்ணைக் கொண்டு பதியலாம், கட்டணம் கிடையாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். வேலையை முடித்துவிட்டுப் பிறகு பதிந்தவர்கள், பழைய பாக்கிக்கு இந்தச் சட்டத்தைக் காட்டியபோது நீதிமன்றங்களில் சிக்கலைச் சந்தித்திருக்கிறார்கள். உத்யம் எண்ணை ஒப்பந்தத்தில் உங்கள் பெயருக்குக் கீழும், ஒவ்வொரு இன்வாய்ஸிலும் போடுங்கள். அவர்களுடைய கணக்குப் பிரிவு அதைக் கட்டாயம் கவனிக்கும். 2023-24 நிதியாண்டு முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கி இந்தக் கெடுவைத் தாண்டி ஆண்டு முடிவிலும் நின்றால், அதை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரியில் கழிக்க முடியாது. கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்கலாம். உங்கள் நினைவூட்டல் கடிதத்தைவிட அந்தக் கணக்காளருக்கு இது பெரிய அழுத்தம்.

இருந்தாலும் சட்டத்தை நம்பி அட்வான்ஸை விட்டுவிடாதீர்கள். 90,000 ரூபாயை இப்படிப் பிரிக்கச் சொல்லுவேன்: கையெழுத்தானதும் 27,000, லோகோ முடிவானதும் 27,000, மீதி 36,000, லேபிள் ஒன்றுக்கு 9,000 வீதம். அட்வான்ஸ் வங்கிக் கணக்கில் விழுந்த பிறகே வேலை தொடங்கும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு அனுப்புவார்கள். வழக்கம்போல் 10 சதவீதம் என்றால் 27,000-க்கு 24,300 வரும். அது பாக்கி அல்ல, உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது உரிமை. இதை மிக நிதானமாகப் படியுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்களிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பது புரியும். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்தவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்குப் போகும். நீங்கள் ஊழியர் அல்ல என்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரையச் சொன்ன ஓவியம் போன்றவற்றுக்கு மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சொன்னவரே முதல் உரிமையாளர். லேபிளுக்காக நீங்களே மிளகாய், மல்லியைப் படம் எடுத்தாலோ கையால் வரைந்தாலோ இந்த விதிவிலக்கு குறுக்கே வரலாம். அதனால் அவற்றையும் ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிச் சேர்த்துவிடுங்கள்.

உரிமையை மாற்றித் தருவதென்றால் அது எழுத்தில், உங்கள் கையெழுத்துடன் இருக்க வேண்டும்; எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்று சொல்ல வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19-வது பிரிவு எடுத்துக்கொள்கிறது. இதைத் தெரிந்துகொண்டுதான் நிறுவனங்கள் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று எழுதுகின்றன. லோகோ விஷயத்தில் அதில் தவறில்லை. கடை வைப்பவர் ஐந்து ஆண்டு கழித்துப் பெயர்ப்பலகையைக் கழற்ற முடியாது. லோகோவுக்கு முழு உரிமையைத் தாராளமாகக் கொடுங்கள்.

கொடுக்கக் கூடாதது "உருவாக்கிய கணத்திலிருந்தே" என்ற சொற்றொடர். அதற்குப் பதிலாக, "மொத்தத் தொகையும் வந்து சேர்ந்த பிறகு, இறுதியாகத் தேர்வான வடிவங்களின் உரிமை நிறுவனத்துக்கு மாறும்" என்று கேளுங்கள். இந்த ஒரு வரி இரண்டு வேலை செய்கிறது. பணம் தராமல் லேபிளை அச்சடித்துச் சந்தைக்கு அனுப்பினால் அது பாக்கி வழக்காக மட்டும் நிற்காது, உங்கள் பதிப்புரிமையை மீறியதாகவும் ஆகும். அச்சு எந்திரம் ஓடத் தொடங்கும் முன்பே பாக்கியைத் தீர்க்க இதுவே காரணமாக இருக்கும். இன்னொன்று, நீங்கள் மூன்று மாதிரி காட்டினால், அவர்கள் நிராகரிக்கும் இரண்டும் உங்களிடமே தங்கும். இப்போதைய வாசகப்படி நிராகரித்தவையும் அவர்களுக்கே சொந்தம்; நாளை வேறு கிளையன்டுக்கு அந்த வடிவத்தை எடுத்தால் நீங்கள்தான் மீறியவர்.

சோர்ஸ் ஃபைல்கள் தொகையில் அடக்கமா இல்லையா என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். எழுத்துருவும் ஸ்டாக் படங்களும் உங்களுடையவை அல்ல. அவற்றின் உரிமத்தை நிறுவனம் தன் பெயரில் வாங்க வேண்டும் என்று சேர்க்காவிட்டால், "எல்லாம் என் சொந்தப் படைப்பே" என்று உறுதி தரும் பிரிவில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். வெளியான பிறகு உங்கள் மாதிரித் தொகுப்பில் காட்டும் அனுமதியையும் கேளுங்கள். தொழில் தொடங்கும் காலத்தில் அதற்கும் விலை உண்டு.

ரத்துப் பிரிவுக்கு வருவோம். லோகோ முடிந்து, இரண்டு லேபிளும் ஒப்படைத்துவிட்டீர்கள். "டைரக்டர் பார்க்க வேண்டும்" என்று எதற்கும் எழுத்தில் ஒப்புதல் வரவில்லை. அந்த நேரத்தில் திட்டத்தைக் கைவிடுகிறார்கள். அவர்கள் எழுதியபடி உங்களுக்குக் கிடைப்பது பூஜ்யம். ஆனால் அந்த லோகோவும் லேபிளும் ஏற்கெனவே அவர்கள் சொத்து. மேலே சொன்ன பிரிப்பும், "ரத்தானால் ஒப்படைத்த கட்டங்களுக்கு முழுத் தொகை, பாதியில் நிற்கும் கட்டத்துக்கு விகிதப்படி, அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது" என்ற வரியும் இருந்தால் கணக்கு 27,000 + 27,000 + 18,000, அதாவது 72,000 ரூபாய். முன்னறிவிப்பு இரு தரப்புக்கும் ஒரே அளவாக, 7 அல்லது 15 நாளாக இருக்கட்டும். கெடு தாண்டி 15 நாள் பணம் வராவிட்டால் வேலையை நிறுத்திவைக்க உங்களுக்கும் உரிமை வேண்டும்.

யாரும் ரத்து என்று சொல்லாமலே பேச்சை நிறுத்திவிடுவதுதான் நடைமுறையில் அதிகம். அதற்குத் தனியாக ஒரு வரி தேவை: 30 நாள் பதில் இல்லாவிட்டால் அதுவரை செய்ததற்கு இன்வாய்ஸ் அனுப்பலாம்; மறுபடி தொடங்கினால் தேதிகள் புதிதாகப் பேசப்படும்.

இவ்வளவையும் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நினைக்க வேண்டாம். ஃபைலில் மாற்றங்கள் தெரியும்படி திருத்தி, "இந்த நான்கு இடங்களில் மட்டும் திருத்தம் முன்வைத்திருக்கிறேன்" என்று இரண்டு வரி மின்னஞ்சலுடன் அனுப்புங்கள். ஃபோனில் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால், அதையே மின்னஞ்சலில் உறுதி செய்யச் சொல்லுங்கள். ஒப்பந்தங்களில் "இதற்கு முன் பேசிய எதுவும் செல்லாது" என்று கடைசிப் பக்கத்தில் ஒரு பிரிவு இருப்பது வழக்கம். வேலை விவரம் தனி இணைப்பில் இருந்தால், இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்பதையும் பாருங்கள். உங்கள் திருத்தம் இணைப்பில் இருந்து, மூல ஒப்பந்தம்தான் மேலானது என்றிருந்தால் திருத்தியதற்குப் பலனில்லை.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 60 நாளை அவர்கள் விடவில்லை என்றால் உத்யம் பதிவோடு நீங்கள் விட்டுக்கொடுக்கலாம், 45 நாள் வரம்பை ஒப்பந்தத்தால் மாற்ற முடியாது. சோர்ஸ் ஃபைலையும் கொடுத்துவிடலாம். அட்வான்ஸும், பணம் வந்த பிறகே உரிமை மாறும் என்ற வரியும் ஆகிய இரண்டையுமே மறுத்தால் கையெழுத்துப் போட வேண்டாம். ஒன்றுக்காவது சம்மதித்தால் போடலாம்; ஒவ்வொரு பக்கத்திலும் இணைப்பிலும் இரு தரப்புக் கையெழுத்தும் உள்ள பிரதி உங்கள் கைக்கு வந்த பிறகு முதல் கோட்டை வரையுங்கள்.