கனடா வீட்டு மெசின் கல்லடிக்குச் சரிவருமா?

கேள்வி: கல்லடியில், கடலுக்குக் கிட்ட புது வீடு கட்டியிருக்கிறோம். நுளம்புக்கும் தூசிக்கும் பயந்து எல்லா யன்னலுக்கும் றப்பர் வைத்த அலுமினியக் கண்ணாடி போட்டோம். இரவில் இரண்டு அறைக்கு இன்வேட்டர் ஏசி ஓடும். காலையில் எழும்பினால் தலை பாரமாகவும் அறை புழுங்கின வாடையாகவும் இருக்கிறது. கனடாவில் இருக்கும் தம்பி, வெளிக்காற்றும் வரும், குளிரும் வீணாகாது என்று எச்.ஆர்.வி. மெசின் பூட்டச் சொல்கிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகி, மட்டக்களப்பு

பதில்: வெளிக்காற்று வேண்டும் என்று தம்பி சொல்வது சரி. ஆனால் அந்த மெசின் உங்கள் ஊருக்கு உரியது அல்ல, வாங்க வேண்டாம்.

சுவரில் மாட்டும் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை; அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது. 12க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் உள்ளே சுமார் 40 கனமீற்றர் காற்று இருக்கும். தூங்கும் இரண்டு பெரியவர்கள் மணிக்கு ஏறக்குறைய 25 லீற்றர் கரியமில வாயுவை விடுவார்கள். வெளியில் பத்து இலட்சத்துக்கு 420 பங்கு அளவில் இருக்கும் அந்த வாயு, இறுக மூடிய அறையில் மணிக்கு 600 பங்கு வீதம் ஏறும். செக்கனுக்கு 15 லீற்றர் வெளிக்காற்று வந்துகொண்டிருந்தால் 900ஐத் தாண்டாது. முதலில் சில இரவுகள் அறைக் கதவைத் திறந்துவிட்டுப் படுத்துப் பாருங்கள். தலைப்பாரம் போனால் காரணம் காற்றுதான். போகாவிட்டால் வைத்தியரைப் பாருங்கள்.

இனிக் கணக்கு. எச்.ஆர்.வி. வெளியேறும் காற்றின் வெப்பநிலையை மட்டும்தான் உள்ளே வரும் காற்றுக்கு மாற்றும். கனடாவின் மாரியில் வெளியே உறைபனியும் உள்ளே 21 பாகையும் இருக்கும்போது அதில் பெரிய இலாபம் உண்டு. மட்டக்களப்பில் இரவு வெளியே 27 பாகை, உங்கள் அறை 25 என்று வையுங்கள். இரண்டு பாகைதான் வித்தியாசம். அந்த 15 லீற்றர் காற்றோடு வரும் வெப்பம் 35 வாற்று அளவுதான், மெசினின் இரண்டு விசிறிகளுக்கே கிட்டத்தட்ட அவ்வளவு போய்விடும்.

உங்கள் ஏசியைத் திணறவைப்பது ஈரம். கடலும் வாவியும் சூழ்ந்த இடத்தில் இரவுக் காற்று ஒரு கிலோவில் சுமார் 20 கிராம் நீராவி இருக்கும். ஏசி அறையில் 11 கிராம்தான். எட்டு மணி நேரத்தில் இந்த வெளிக்காற்றால் மட்டும் நாலரை லீற்றர் தண்ணீர் உள்ளே வரும். அதைப் பிரித்தெடுக்க ஏசிக்கு 390 வாற்று அளவு குளிர்விப்பு வேலை. எச்.ஆர்.வி. அந்த ஈரத்தைத் தடுக்காமல் அப்படியே உள்ளே விட்டுவிடும். கச்சான் காற்று அடிக்கும் பகலில் வெளியே 35 பாகை வரும்போது அதற்குக் கொஞ்சம் வேலை உண்டு. ஆனால் நீங்கள் ஏசி போடுவது இரவில்.

ஈரத்தையும் திருப்பி அனுப்பும் இன்னொரு வகை இருக்கிறது, ஈ.ஆர்.வி. என்பார்கள். அதன் நடுவில் நீராவியை விடக்கூடிய மெல்லிய தாள் அல்லது படலம் இருக்கும். ஈரத்தில் பாதிக்கு மேல் அது தடுத்தாலும், விசிறிச் செலவு போக ஓர் அறைக்கு மாதம் 12, 13 யூனிட்தான் மிச்சம். உங்கள் பில்லில் கடைசி யூனிட்டின் விலையால் பெருக்கி, கடைக்காரர் சொல்லும் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீடு முழுக்க ஏசி ஓடும் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகலாம். இரண்டு அறைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்போ என்ன செய்வது? விறாந்தைப் பக்க யன்னல் ஒன்றுக்கு நுளம்பு வலை அடித்து இரவில் திறந்துவிடுங்கள். அறைச் சுவரில், விறாந்தைக் காற்றை உள்ளே தள்ளும் வேகம் குறைத்த சின்ன விசிறியொன்று பூட்டுங்கள். கதவடியில் ஒரு விரல் இடைவெளி விட்டால் பழைய காற்று அதனால் போகும். இதற்கு ஏசி கூடுதலாக இழுப்பது ஓர் அறைக்கு இரவுக்கு ஒரு யூனிட் சொச்சம்.

பிறகு எப்போதாவது ஈ.ஆர்.வி. வாங்கினால், பூட்டுபவர் போகுமுன் காற்றின் அளவைச் சரிபாருங்கள். 50 லீற்றர் குப்பைப் பையை அமுக்கிக் காற்றை எடுத்துவிட்டு, உள்ளே ஊதும் வாயில் பிடித்தால் மூன்று செக்கன் சொச்சத்தில் நிரம்ப வேண்டும். ஊதிய பையை உறிஞ்சும் வாயில் பிடித்தால் அதே நேரத்தில் சுருங்க வேண்டும். உறிஞ்சுவது கூடினால் ஈரக்காற்று வெடிப்புகளால் நுழைந்து அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். விசிறி வேகத்தைத் திருத்தச் சொல்லுங்கள். கடலோரம் என்பதால் வெளிமூடி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், உப்புக்காற்றில் சாதாரணத் தகடு துருப்பிடித்துவிடும்.