ஐவிஎஃப்-க்கு, வாடகைத்தாய் குழந்தைக்கு லீவு: கம்பெனி தந்தே ஆகணுமா?

சென்னையில் பதினெட்டு வருஷமாக எச்.ஆர். வேலையில் லீவு கோப்புகளும் இஎஸ்ஐ பேப்பர்களும் பார்த்தவள் நான். என் பொண்ணும் மூன்றாவது ஐவிஎஃப்-இல் பிறந்தவள்தான். தனியார் வேலையில் இருப்பவர்களின் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

“மேடம், அடுத்த மாசம் ஐவிஎஃப் ஆரம்பிக்கிறோம். எச்.ஆர்.ல கேட்டா ‘பாலிசில இல்ல’ன்னுட்டாங்க. சட்டப்படி தரணும்தானே?” – பிரியா, கோவை

இல்லம்மா. நம் பேறுகாலச் சட்டம் கரு நின்ற பிறகுதான் பேச ஆரம்பிக்கிறது. கரு நிற்பதற்கான சிகிச்சைக்கென்று அதில் ஒரு நாள்கூட இல்லை. ஆனால் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வரும் அலுவலகம் என்றால் வருஷத்துக்கு 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, ஒரு வருஷ சர்வீஸ் முடிந்திருந்தால் 12 நாள் ஈட்டிய விடுப்பு உண்டு. இதற்குள்தான் கணக்குப் போடணும்.

ஊசி போடும் பத்துப் பன்னிரண்டு நாளும் வேலைக்குப் போகலாம். நடுவில் நாலைந்து தடவை காலை ஸ்கேன் இருக்கும், அதற்கு பெர்மிஷன் போதும். முட்டை எடுக்கும் நாளும் மறுநாளும் லீவு. எம்பிரியோ வைக்கும்போது இரண்டு மூன்று நாள். ஆக ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்து நாள். உடம்பு வீங்கி மூச்சு வாங்கினால் இந்தக் கணக்கு நிற்காது.

தகராறு வருவது நாள் எண்ணிக்கையால் இல்லை, தேதியால். கடைசி ஊசி போட்டு சுமார் 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள், அந்த ஊசி எந்த இரவு என்பது அன்றைய ஸ்கேனில்தான் முடிவாகும். அதனால் “இந்த 15 தேதிக்குள் ஐந்து நாள் லீவு வேண்டும், சரியான தேதி இரண்டு நாள் முன்னால்தான் தெரியும்” என்று முன்கூட்டியே மெயில் போட்டுவிடுங்கள். சர்டிபிகேட்டில் ‘மருத்துவ நடைமுறை, ஓய்வு தேவை’ என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எந்தச் சிகிச்சை என்று மேனேஜருக்குத் தெரிய வேண்டியதில்லை.

“அக்கா, பனியன் கம்பெனி, சம்பளம் 17,000. மூணு நாளுக்கு மேல போனா வேலைய விட்டுத் தூக்கிருவேங்கறாங்க.” – திருப்பூர்

உங்களுக்கு இஎஸ்ஐ பிடித்தம் இருக்குமே, ஸ்லிப்பைப் பாருங்க. உரிய ஆறு மாசக் கணக்கில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தால் நோய்க்கால உதவித்தொகை, சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. அந்தத் தொகை வாங்கும் நாட்களில் உங்களை வேலையை விட்டு நீக்கக் கூடாது. சிக்கல் எங்கே என்றால், வேலைக்குப் போக முடியாது என்று இஎஸ்ஐ டாக்டர் எழுதணும். தனியார் சென்டர் பேப்பரை வைத்து சிலர் எழுதுகிறார்கள், சிலர் தயங்குகிறார்கள். லீவு எடுத்த பிறகு போகாதீங்க, முன்னாலேயே பேப்பரோடு போய்க் காட்டுங்க.

“வாடகைத்தாய் முறைன்னாலும் 26 வாரம் உண்டு. 2017லயே திருத்தியாச்சு. ஏன் இதையெல்லாம் சொல்ல மாட்டேங்கறீங்க?” – செந்தில்

2017 சரி, 26 தப்பு சார். வாடகைத்தாய் வழியாகக் குழந்தை பெறும் அம்மாவுக்கு, குழந்தை கைக்கு வந்த நாளிலிருந்து 12 வாரம்தான். 2025 நவம்பர் முதல் நடப்பில் உள்ள புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அதுவேதான். மத்திய அரசு ஊழியருக்கு 2024 ஜூன் விதிப்படி 180 நாள்.

“என் மனைவிக்குக் கருமுட்டை வேறொருத்தங்க கொடுத்தது. அப்பவும் 12 வாரம் உண்டா?” – அதே கேள்வியின் கீழ் ஒருவர்

என்னை ரொம்ப வருத்துவது இதுதான். தன் முட்டையால் உருவான கரு என்றால்தான் சட்டத்தின் வார்த்தைப்படி அவர் அந்த ‘அம்மா’. வாடகைத்தாய் விதிகளின் 2024 திருத்தத்துக்குப் பிறகு, மருத்துவக் காரணம் இருந்து மாவட்ட மருத்துவ வாரியம் சான்று தந்தால், தானமாகப் பெற்ற முட்டையோடு வாடகைத்தாய் முறைக்குப் போகலாம். குழந்தைக்கு ஒரு சட்டம் வழி விடுகிறது, லீவுக்கு இன்னொன்று கதவைச் சாத்துகிறது. 2013-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சந்துரு, வாடகைத்தாய் வழி குழந்தை பெற்ற சென்னைத் துறைமுக ஊழியர் ஒருவருக்கு, தத்தெடுப்பு விடுப்பு விதியையே விரித்துப் படித்து லீவு தரச் சொன்னார். அந்தத் தீர்ப்பை இணைத்து எழுத்தில் கேளுங்கள். தனியார் கம்பெனியை அது கட்டுமா என்றால், உறுதியாகச் சொல்ல முடியாது.

“நான் ஆண். 15 நாள் அப்பா லீவுன்னு படிச்சேன். பிபிஓல வேலை.”

அது மத்திய அரசு ஊழியருக்கு, தம்பி. உங்களுக்குக் கம்பெனி பாலிசி மட்டும்தான்.

“பாசிட்டிவ் வந்து ஏழாவது வாரம் போயிடுச்சு. பத்து நாள் போகல. சம்பளத்தைப் பிடிச்சுட்டாங்க. ஐவிஎஃப்-க்கு லீவு இல்லங்கறாங்க.” – பெயர் வேண்டாம்

அவர்கள் சொல்வது பொருந்தாதும்மா. கரு நின்ற நிமிஷத்திலிருந்து நீங்கள் கர்ப்பிணி, எப்படி நின்றது என்று சட்டம் கேட்பதில்லை. கருச்சிதைவுக்கு மறுநாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்தோடு லீவு. கர்ப்பத்தை உறுதி செய்த பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், ஸ்கேன், கலைந்த தேதி போட்ட டிஸ்சார்ஜ் பேப்பர் மூன்றையும் வைத்துக் கடிதம் கொடுங்கள், பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் அதே நகல்களோடு போங்கள். எனக்கு இரண்டாவது தடவை இதே ஏழாவது வாரம்தான். லீவு படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘காய்ச்சல்’ என்று எழுதி நாலாம் நாள் வேலைக்குப் போனேன். சட்டம் தெரிந்த நானே அப்படிச் செய்தேன். நீங்கள் உண்மையை எழுதுங்கள்.

“அப்ப பீட்டா மட்டும் ஏறி, ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாமலே இறங்கிடுச்சுன்னா?” – பிரியா

சட்டம் ‘கர்ப்பிணியின் கருப்பையில் இருந்தது வெளியேறுவது’ என்கிறது, 26-ஆம் வாரம் வரை எப்போதென்றாலும். ஸ்கேனில் தெரியாததை அதில் சேர்ப்பதா என்பது டாக்டர் என்ன எழுதுகிறார் என்பதில் நிற்கிறது. ‘கருச்சிதைவு’ என்று எழுதியிருந்தால் நான் லீவு போட்டிருப்பேன். ‘பீட்டா குறைந்தது’ என்று மட்டும் எழுதிய கோப்பை எங்கள் அலுவலகத்திலேயே திருப்பியிருக்கிறார்கள்.