டிசைனரின் இன்ஸ்டாகிராம் பயோ

யாழ்ப்பாணத்தில் ஃப்ரீலான்ஸ் கிராஃபிக் டிசைனராக இருக்கிறேன். புது வாடிக்கையாளர் வர பயோவில் என்ன எழுதலாம்?

பயோ என்பது புரொஃபைலில் பெயருக்குக் கீழே வரும் சிறு அறிமுகம். கஸ்தூரியார் வீதிக் கடைப்பலகை மாதிரி: நடந்துபோகிறவர் நிற்காமலே வாசிக்க வேண்டும். 150 எழுத்துத்தான் இடம். தமிழில் புள்ளியும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். ‘யாழ்ப்பாணம்’ மட்டுமே 11.

‘கிரியேட்டிவ் டிசைனர், கனவுகளுக்கு வண்ணம்’ என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது. கடைக்காரர் தேடுவது தன் வேலையை. அதனால் இப்படி:

“கடை லோகோ, மெனு கார்ட், கல்யாணக் கார்ட்.
தமிழ் எழுத்து உடையாமல் அச்சுக்குத் தருவேன்.
விலை கேட்க மெசேஜ் போடுங்கள்.”

இரண்டாவது வரிதான் உங்களைத் தனியாகக் காட்டும். எழுத்துரு மாறி ‘கொ’ சிதறிப்போன அழைப்பிதழைப் பார்த்தவருக்கு அது உடனே பிடிபடும்.

பயோவில் ‘யாழ்ப்பாணம்’ என்று எழுதினால் தேடலில் வந்துவிடுவோம் என்று பலர் நினைக்கிறார்கள். தேடல் முக்கியமாகப் பார்ப்பது பெயர்ப் பகுதியையும் யூசர்நேமையும்தான். அதனால் ஊரையும் தொழிலையும் அங்கே போடுங்கள்.