அம்மாவுக்கு ஏன் இந்த போன்: எங்கள் குடும்ப குரூப்பில் நான் போட்ட மெசேஜ்

கேள்வி: அம்மாவுக்குப் புது போன் வாங்கணும். ரெண்டு மாடல் பார்த்து ஒண்ணை முடிவு பண்ணிட்டேன். குடும்ப குரூப்புல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கூடப் பிறந்தவங்க எல்லாருக்கும் புரியற மாதிரி எப்படி எழுதிப் போடறது?

பதில்:

2024 மே மாதம் எங்கள் வீட்டிலும் இதே பஞ்சாயத்துதான். அம்மா குடியாத்தத்தில் இருக்கிறார், வீட்டிலேயே பீடி சுற்றுகிறார். நான் வேலூரில் இருக்கிறேன். அண்ணன் பெங்களூரு, அக்காவும் மாமாவும் ஆம்பூர். அண்ணன் சொன்னது ரெட்மி 13சி 5ஜி. நான் பார்த்து வைத்தது சாம்சங் கேலக்ஸி ஏ15 5ஜி. வேலூரில் நான் விசாரித்த கடையில் இரண்டுக்கும் நடுவே ஐயாயிரத்து ஐநூறு ரூபாய் வித்தியாசம். அதனால் சும்மா "இதுதான் நல்லது" என்று போட்டால் எடுபடாது. நான் போட்ட மெசேஜ் இதுதான், வீட்டுப் பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்:

"அண்ணா, அக்கா, மாமா, எல்லாருக்கும். ரெண்டு போனையும் கடையில கையில வாங்கிப் பார்த்துட்டேன். முதல்ல ஒரே மாதிரி இருக்கறதைச் சொல்லிடறேன், அதுக்கு நாம சண்டை போட வேணாம். ரெண்டுலயும் ஒரே பிராசசர், டைமென்சிட்டி 6100+. அதனால எது வேகம்ங்கற கேள்வியே இல்ல. பேட்டரி ரெண்டும் 5000. எடையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கைரேகை ரெண்டுலயும் பக்கவாட்டு பட்டன்லதான்.

அண்ணா சொன்ன ரெட்மியில ஸ்கிரீன் கொஞ்சம் பெருசு, விலையும் கம்மி. அது உண்மை. ஆனா அம்மா பகல் பூரா திண்ணையில உட்கார்ந்துதான் பீடி சுத்தறாங்க. போன் அங்கதான் இருக்கும். கடை வாசல்ல வெயில்ல நின்னு ரெண்டையும் பார்த்தேன். சாம்சங்ல வாட்ஸ்அப் எழுத்து தெரிஞ்சது. ரெட்மியில கையால நிழல் கட்டிப் படிக்க வேண்டியிருந்தது. அம்மா தட்டு மேல ரெண்டு கையும் வேலையா இருக்கும், நிழல் கட்ட மூணாவது கை இல்ல.

ரெண்டாவது, சாம்சங்குக்கு செக்யூரிட்டி அப்டேட் அஞ்சு வருஷம் தர்றதாச் சொல்லியிருக்காங்க. ரெட்மிக்கு அவ்வளவு நீளமா உறுதி இல்ல. அம்மா ஒரு போனை உடையற வரைக்கும் மாத்த மாட்டாங்க, இப்ப வச்சிருக்கறதைப் பாத்தாலே தெரியும். 2028 கடைசி வரைக்கும்னு வச்சாலும் கூடுதல் காசு மாசத்துக்கு நூறு ரூபா கணக்குதான் வருது.

ஒரு குறை: சாம்சங் டப்பாவுல சார்ஜர் வராது, தனியா வாங்கணும். அதை நான் வாங்கிடறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள யாருக்காவது வேற யோசனை இருந்தா சொல்லுங்க. இல்லன்னா திங்கக்கிழமை வாங்கி நானே கொண்டு போய் குடுத்துடறேன்."

அவ்வளவுதான் மெசேஜ். இனி ஏன் இப்படி எழுதினேன் என்று சொல்கிறேன்.

ஒரே மாதிரி இருப்பதை முதலில் எடுத்துப் போட்டதுதான் பாதிச் சண்டையைக் குறைத்தது. அக்கா மகன் கேம் ஆடுகிற பையன். "எதுல பிராசசர் நல்லது" என்றுதான் ஆரம்பிப்பான். இரண்டிலும் அதே சிப் என்று சொன்னதும் அவனுக்குக் கேட்க வேறு கேள்வி இல்லை. கூடுதல் காசு எதற்குப் போகிறது என்பதும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். இங்கே அது முக்கியமாக ஸ்கிரீனுக்கும் அப்டேட்டுக்கும் போகிறது.

ஸ்கிரீனில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. சாம்சங்கில் ஃபுல் எச்டி, ரெட்மியில் எச்டி. காகிதத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம். ஆனால் அம்மா எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிப்பார். அந்த அளவில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது, கடையிலேயே எழுத்தளவைக் கூட்டி வைத்துப் பார்த்தேன். அதனால் அதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. உண்மையில் உதவாத காரணத்தைச் சேர்த்தால், யாராவது அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் சந்தேகப்படுவார்கள். வெளிச்சம் அப்படியில்லை. சாம்சங்கில் இருப்பது அமோலெட் ஸ்கிரீன், வெயிலில் அதன் வெளிச்சம் 800 நிட்ஸ் வரை போகும், நிட்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு. ரெட்மியில் எல்சிடி, 600 வரை. குரூப்பில் நிட்ஸ் என்று போட்டால் அக்கா அதோடு படிப்பதை நிறுத்திவிடுவார், அதனால் கையால் நிழல் கட்டிய கதையைப் போட்டேன். நீங்களும் கடைக்காரரிடம் சொல்லி போனை வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள். உள்ளே டியூப்லைட்டில் எல்லா போனும் பளிச்சென்றுதான் இருக்கும். நம்ம ஊர் மே மாத வெயிலைவிட நல்ல பரீட்சை கிடையாது.

அப்டேட் கணக்கில் ஒரு நுணுக்கம். அந்த ஐந்து வருடம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை, மாடல் வெளிவந்த நாளிலிருந்து. ஏ15 வந்தது 2023 டிசம்பரில். அதனால்தான் 2028 கடைசி என்று எழுதினேன். பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கும்போது இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கக் கூடாது. அப்டேட் எதற்கு என்று மாமா கேட்டார். அவருக்குத் தனியாகப் பதில் எழுதினேன்: ரொம்பப் பழைய ஆண்ட்ராய்ட் போன்களில் வாட்ஸ்அப் ஓடாமல் போய்விடுகிறது, பணம் அனுப்பும் ஆப்களும் இப்படித்தான் ஒரு நாள் பழைய போனைக் கைவிடும். அம்மா பணம் வாங்கப்போவது இதில்தான் என்றதும் அவர் சரி என்றுவிட்டார்.

குறையையும் ரெட்மியின் நல்லதையும் நானே சொன்னதற்குக் காரணம் அண்ணன்தான். அவர் சொன்னதைக் குரூப்பில் எல்லார் முன்னாலும் தப்பு என்று சொன்னால், அப்புறம் பேச்சு போனைப் பற்றி இருக்காது. சார்ஜரை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னதும் அதற்குத்தான். கடைசியில் கெடு வைக்க மறக்காதீர்கள். "எல்லாரும் சொல்லுங்க" என்று விட்டால் தீபாவளி வரை பேசிக்கொண்டே இருப்பார்கள்.

அண்ணன் கட்டைவிரல் எமோஜி ஒன்று போட்டார், கூடவே தன் பங்கு பணமும் வந்தது.

வாங்கிக் கொடுத்த பிறகு செய்ய வேண்டிய இரண்டு விஷயம். தானியங்கி வெளிச்சத்தை அணைக்காதீர்கள், அது ஆனில் இருந்தால்தான் வெயிலில் அந்த முழு வெளிச்சம் வரும். பேட்டரி மிச்சம் என்று யாராவது அணைத்துவிட்டால், கூடுதலாகக் கொடுத்த காசு வீண். இன்னொன்று கைரேகை. வருடக்கணக்காகப் பீடி சுற்றியதில் அம்மாவுக்குக் கட்டைவிரல் ரேகை தேய்ந்துவிட்டது, ரேஷன் கடை மெஷினிலேயே சரியாக விழாது. போனிலும் அதே கதைதான். இடது கையில் போனைப் பிடித்தால் நடுவிரல் தானாகப் பக்கவாட்டு பட்டன்மேல் வந்து உட்காரும். அந்த விரலையே இரண்டு தடவை, இரண்டு வேறு விரல்போலப் பதிந்து வைத்தேன். பெரும்பாலும் திறந்துவிடுகிறது, திறக்காத நேரத்துக்கு நான்கு இலக்க பின் நம்பர்.