நான்கு கோணங்களும் எப்படி ஒரே சங்கிலியாகின்றன?

கேள்வி: பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டில் நான்கு கோணங்களுக்கும் அளவீடுகளை எழுதிவிட்டேன். உத்தியோடு எங்கே இணைகிறது என்று கேட்டு ஆசிரியர் மதிப்பெண் குறைத்துவிட்டார். ஏன்?

நான்கு பெட்டிகளையும் தனித்தனியாக நிரப்பியிருப்பீர்கள். ஒரு நிறுவனத்தின் செயல்பாட்டை நிதி, வாடிக்கையாளர், உள்செயல்முறை, கற்றல்-வளர்ச்சி என்ற நான்கு கோணங்களில் அளக்கும் முறை இது. ராபர்ட் கேப்லனும் டேவிட் நார்ட்டனும் 1992-இல் முன்வைத்த இந்த முறைக்கு உயிர், பெட்டிகளுக்கு இடையே உள்ள காரண-விளைவுத் தொடர்புதான்.

சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை என்று வைத்துக்கொள்வோம். உத்தி: மதிய இடைவேளையில் வரும் அலுவலக ஊழியர்களுக்கு வேகமான சாப்பாடு. இதைக் கீழிருந்து கட்டுங்கள். கற்றல், வளர்ச்சிக் கோணத்தில், இரண்டு வேலைகளுக்குப் பயிற்சி பெற்ற ஊழியர்களின் விகிதம். அது உயர்ந்தால், உள்செயல்முறையில் ஆர்டரிலிருந்து இலைக்கு வரும் நேரம் 18 நிமிடத்திலிருந்து 10 ஆகும். அப்புறம் வாடிக்கையாளர் கோணத்தில், ஒரே மாதத்தில் திரும்ப வருவோர் கூடுவார்கள். கடைசியாக, நிதிக் கோணத்தில் ஓர் இருக்கைக்கான மதிய வருமானம்.

ஒவ்வொரு "இது உயர்ந்தால் அது நடக்கும்" என்பதும் ஓர் ஊகமே. நேரம் 10 நிமிடமாகியும் இரண்டு காலாண்டுகளாகத் திரும்ப வருவோர் கூடவில்லை என்றால், அந்தக் கண்ணி அறுந்திருக்கிறது. ஒருவேளை அவர்களை விரட்டியது சாப்பாட்டுக்கான காத்திருப்பு அல்ல, மேசைக்கான வரிசையாக இருக்கலாம். அப்போது அளவீட்டை மாற்ற வேண்டும். வருமானத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்த இடம் கண்ணில் பட்டிருக்காது.