கறுப்பு முடிக்கு மென்மையான விளிம்பு ஒளி

கறுப்புப் பின்னணியில் படம் எடுத்தால் கறுப்பு முடி அப்படியே கரைந்துவிடுகிறது. ஓரத்தில் மட்டும் மெல்லிய ஒளி எப்படிக் கொண்டுவருவது?

இரண்டாவது விளக்கை ஆளுக்குப் பின்னால், முக்கிய விளக்குக்கு எதிர்ப்பக்கம், தலையைவிடச் சற்று உயரமாக வையுங்கள். கறுப்பு முடி முன்னாலிருந்து வரும் ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். பின்னாலிருந்து சாய்வாக உரசிப் போகும் ஒளியைத்தான் கேமரா பக்கம் பளபளப்பாகத் திருப்பும். அதனால் பவர் அதிகம் வேண்டாம். முக்கிய விளக்கைவிட ஒரு ஸ்டாப் குறைவாக, அதாவது அதன் பாதி ஒளியில் தொடங்கி, இழைகள் தனித்தனியாகத் தெரியும்வரை மெதுவாக ஏற்றுங்கள். விவரமில்லாத வெள்ளைக் கோடாகிவிட்டால் குறையுங்கள்.

மென்மைக்கு நீளமான ஸ்ட்ரிப் சாஃப்ட்பாக்ஸ் நல்லது. அதில் ஒளி பரவாமல் தடுக்கும் கிரிட் வலையை மாட்டினால் ஒளி லென்ஸுக்குள் சிந்துவது குறையும். மூக்கு நுனி மின்னுகிறதா? விளக்கு பக்கவாட்டில் அதிகம் வந்துவிட்டது, பின்னுக்குத் தள்ளுங்கள். அப்புறம், பறக்கும் முடியை முன்பே சீவிவிடுங்கள். இந்த ஒளி அதைத்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.